‘குட் மார்னிங்’கை வைத்து ஊர் நேரம் சொல்ல முடியுமா?

கோயம்புத்தூரில் எனக்குத் தெரிந்த டீச்சர் ஒருவர் இணையத்தில் பாட்டு வகுப்பு நடத்துகிறார். மாணவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டுக் குழந்தைகள். வகுப்பு நேரங்களைக் குறித்து வைக்கும் சின்ன மென்பொருளை எழுதிக் கொடுத்தது நான். அதில் ‘மாணவரின் நேர மண்டலம்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதை எதை வைத்து நிரப்புவது என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை. அலுவலகத்தில் இருக்கும் அக்கா பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன். அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஒரு மார்ச் மாதச் சனிக்கிழமை வரை.

அன்று காலை 7:40-க்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. புதிதாகச் சேர்ந்த குழந்தையின் அம்மா. “குட் மார்னிங் மேம். நாளைக்கு க்ளாஸை 8 மணிக்கு வெச்சுக்கலாமா?” எண் +91-இல் தொடங்கியது. அக்கா “சரிங்க” என்று பதில் போட்டுவிட்டு, ஞாயிறு காலை 8 மணி, இந்திய நேரம் என்று பதிந்துவிட்டார்.

அந்த அம்மா இருந்தது டொராண்டோவில். அவர் செய்தி அனுப்பியபோது அங்கே வெள்ளிக்கிழமை இரவு 10:10. அவருடைய ‘நாளைக்கு’ சனிக்கிழமை. அவருடைய ‘8 மணி’ டொராண்டோ காலை 8, அதாவது நமக்குச் சனிக்கிழமை மாலை 5:30. குழந்தை சுருதிப்பெட்டியைப் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் உட்கார்ந்திருந்து எழுந்து போயிற்று. மறுநாள் ஞாயிறு காலை 8 மணிக்கு இங்கே டீச்சர் காத்திருந்தார். அங்கே அது சனி இரவு 10:30. குழந்தை தூங்கிவிட்டது.

நான் கேட்டதற்கு அக்கா சொன்னார்: “அவங்க குட் மார்னிங்னுதானே சார் போட்டிருந்தாங்க? அதான் இங்கதான் இருக்காங்கன்னு நெனச்சேன்.” டொராண்டோ அம்மாவிடம் கேட்டபோது அவர் சொன்னது: “உங்களுக்குக் காலையாச்சேன்னு போட்டேங்க.”

இரண்டு பேருமே மரியாதையாகத்தான் நடந்துகொண்டிருக்கிறார்கள். தப்பு நடந்தது நான் காலியாக விட்ட அந்தக் கட்டத்தில். அதை நிரப்ப என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதை எவ்வளவு நம்பலாம் என்று அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து பார்த்தேன்.

வாழ்த்தை வைத்து ஊகிப்பது

இதை முதலில் எடுப்பதற்குக் காரணம், நாம் எல்லோரும் நம்மையறியாமல் செய்வது இதைத்தான். ‘குட் மார்னிங்’ என்று பார்த்ததும் மனம் அந்தப் பக்கத்து ஜன்னலில் வெயிலைப் பார்த்துவிடுகிறது.

ஆனால் அந்தச் சொல் யாருடைய காலையைச் சொல்கிறது? சொல்பவருடைய காலையாக இருக்கலாம். டொராண்டோ அம்மா செய்த மாதிரி கேட்பவருடைய காலையாக இருக்கலாம். வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் பேசுகிறவர்களிடம் இந்தப் பழக்கம் நிறையவே உண்டு. இரண்டும் இல்லாமல், படிக்கப்போகும் நேரத்தின் காலையாகவும் இருக்கலாம். ராத்திரி 11 மணிக்கு மின்னஞ்சல் எழுதுகிறவர், எதிராளி காலையில்தான் திறப்பார் என்று ‘காலை வணக்கம்’ என்றே தொடங்குவார். சிலர் எழுதி வைத்துக் காலை 9 மணிக்குப் போகும்படி நேரம் குறித்தும் விடுகிறார்கள்.

நான்காவதாக ஒன்று உண்டு, அது வேலையின் காலை. இரவுப் பணியில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்: ஷிப்ட் தொடங்கினால் ‘குட் மார்னிங்’தான், வெளியே இருட்டாக இருந்தாலும். ஜப்பானில் கலைத்துறையிலும் பல கடை, உணவக வேலைகளிலும் அன்றைக்கு முதல்முறை பார்க்கும்போது சாயங்காலமானாலும் ‘ஒஹாயோ கொஸாய்மாஸ்’ என்கிறார்கள். அது காலை வணக்கத்துக்கான சொல். ஐஆர்சி என்ற பழைய இணைய அரட்டை அறைகளில் இதை விளையாட்டாக ஒரு விதியாகவே வைத்துக்கொண்டார்கள். உலகப் பொது வாழ்த்து நேரம் என்று அதற்குப் பெயர். ஒருவர் அறைக்குள் வரும்போது அவருக்கு எப்போதும் காலை, கிளம்பும்போது எப்போதும் இரவு. யார் எந்த நாட்டிலிருந்து வருகிறார் என்று கணக்குப் போட்டு வாழ்த்துவது நடக்காத காரியம் என்று அவர்கள் அப்போதே கண்டுகொண்டார்கள்.

சரி, இந்தச் சிக்கல் எதுவும் இல்லை, சொல்பவர் தன் ஜன்னலைப் பார்த்து உண்மையாகத்தான் சொன்னார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது ஊர் தெரியுமா? அதே சனிக்கிழமை 7:40-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நொடியில் ரியாத்தில் காலை 5:10, துபாயில் 6:10, நமக்கும் கொழும்புக்கும் 7:40, சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் 10:10, டோக்கியோவில் 11:10. எல்லாமே காலைதான். ரியாத்துக்கும் டோக்கியோவுக்கும் நடுவே ஆறு மணி நேரம் இருக்கிறது. வகுப்பைக் குறித்துக்கொள்ள நமக்கு வேண்டியது அரை மணி நேரத் துல்லியம். வாழ்த்து தருவதோ ஆறு மணி நேர அகலமுள்ள ஒரு பட்டை.

அந்தப் பட்டையின் ஓரங்களும் ஊருக்கு ஊர் நகரும். ஸ்பெயினில் மதியச் சாப்பாடு 2 மணிக்குத்தான், அதுவரை ‘புவெனோஸ் தியாஸ்’ ஓடும். பிரெஞ்சு ‘போன்ஜூர்’ காலையில் தொடங்கி மாலைவரை போகும். வட ஜெர்மனியில் ‘மொய்ன்’ என்றால் எந்த நேரமும் பொருந்தும். இத்தாலியின் சில பகுதிகளில் மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு மாலை வணக்கம் தொடங்கிவிடுகிறது. நம் ஊரிலேயே மாலை 4 மணிக்கு ஒருவர் ‘குட் ஆப்டர்நூன்’ என்பார், இன்னொருவர் ‘குட் ஈவினிங்’ என்பார். இதற்கெல்லாம் மணிக்கணக்கு எழுதி ஒரு நிரல் செய்தால், அது எழுதியவரின் ஊர் வழக்கத்தைத்தான் உலகத்தின் மேல் ஏற்றிவைக்கும்.

இந்த இடத்தில் ஒரு நண்பர் கேட்டார்: ஊகிக்க வேண்டாம், முரண்பாட்டைக் கண்டுபிடிக்கவாவது பயன்படுத்தலாமே? பதிவில் டொராண்டோ என்று இருக்கிறது, அங்கே இரவு, ஆனால் ‘குட் மார்னிங்’ வருகிறது. உடனே ஒரு எச்சரிக்கை காட்டலாமே என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன காரணங்களால் வெளிநாட்டுப் பெற்றோர் அனுப்பும் செய்திகளில் நிறையவற்றுக்கு அந்த எச்சரிக்கை அடிக்கும். நாலு நாளில் அக்கா அதைப் பார்க்காமலே மூடப் பழகிவிடுவார். எனவே இந்த வழியை நான் முழுக்கவே ஒதுக்கினேன்.

தொலைபேசி எண், ஐபி முகவரி

எண்ணின் முன்னால் வரும் நாட்டுக் குறியீடு அடுத்த சபலம். எங்கள் விஷயத்தில் தப்பை உறுதிப்படுத்தியதே அதுதான்: ‘குட் மார்னிங்’கும் +91-ம் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிக்கொண்டன. வெளிநாடு போன பிறகும் வாட்ஸ்அப்பை ஊர் எண்ணிலேயே வைத்திருப்பவர்கள் ஏராளம். வளைகுடாவில் இருப்பவர்களிடம் இதை நான் அதிகம் பார்க்கிறேன். எண் சரியாகவே இருந்தாலும் +1 என்பது அமெரிக்கா, கனடா, கரீபியன் தீவுகள் பலவற்றுக்கும் பொது. கனடாவுக்குள்ளேயே ஆறு நேர மண்டலங்கள். டொராண்டோவுக்கும் வான்கூவருக்கும் கோடையில் மூன்று மணி நேர வித்தியாசம்.

ஐபி முகவரி இதைவிடப் பரவாயில்லை. நாட்டைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லும், நகரத்தைச் சொல்வதில்தான் தடுமாறும். இந்தியா மாதிரி ஒரே நேரம் உள்ள நாட்டுக்கு அது போதும், கனடாவுக்குப் போதாது. அப்புறம் விபிஎன். மதிய இடைவேளையில் அலுவலக மடிக்கணினியிலிருந்து பதிவு செய்கிறவரின் இணைப்பு, கம்பெனியின் தலைமை அலுவலகம் இருக்கும் நாட்டிலிருந்து வருவதாகத் தெரியும். ரோமிங்கில் இருக்கும் கைபேசியின் இணைப்பும் பல சமயம் சொந்த நாட்டு நிறுவனத்தின் வழியாகச் சுற்றித்தான் வெளியே வருகிறது. சிங்கப்பூரில் இறங்கிய சென்னைக்காரர் இணையத்தின் கண்ணுக்கு இன்னும் சென்னையில்தான் இருப்பார். ஒரு பதிவில் இவை சும்மா ஒரு குறிப்பாக இருக்கலாம், முடிவாக இருக்கக்கூடாது.

உலாவியிடம் கேட்பது

பதிவுப் படிவம் வலைப்பக்கமாக இருந்தால் ஆளைத் தொந்தரவு செய்யாமல் அவருடைய கருவியிடமே கேட்கலாம். ஒரே வரி:

```js
Intl.DateTimeFormat().resolvedOptions().timeZone
```

டொராண்டோவில் இருக்கும் கருவி இதற்கு `America/Toronto` என்று பதில் சொல்லும். இதில் முக்கியம், கிடைப்பது ஒரு ஊர்ப் பெயர்; வெறும் கூட்டல் கழித்தல் எண் இல்லை. இதன் பழைய உறவுக்கார முறை ஒன்று உண்டு:

```js
new Date().getTimezoneOffset()
```

இந்தியாவில் இதற்கு -330 என்று வரும், உலகப் பொது நேரத்துக்கு 330 நிமிடம் முன்னால் இருக்கிறோம் என்று அர்த்தம். இதே எண்தான் கொழும்பிலும் வரும். இன்றைக்கு இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றலாம். ஆனால் இலங்கை 1996-இல் கடிகாரத்தை முன்னால் தள்ளியது, 2006 ஏப்ரலில்தான் மறுபடி நம் நேரத்துக்கே திரும்பியது. நடுவில் பத்தாண்டுகளுக்குச் சென்னையும் கொழும்பும் ஒரே நேரத்தில் இல்லை. ஊர்ப் பெயரை வைத்திருந்தால் இந்த மாதிரி மாற்றம் வரும்போது கணினி தானாகச் சரிசெய்துகொள்ளும். எண்ணை வைத்திருந்தால் நாம்தான் ஒவ்வொரு பதிவாகத் தேடி மாற்ற வேண்டும்.

ஒரு சின்னக் கண்ணி. இந்தியாவுக்குச் சில உலாவிகள் `Asia/Kolkata` என்று தராமல் பழைய பெயரான `Asia/Calcutta` என்று தருகின்றன. இரண்டும் ஒரே மண்டலம்தான், ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரல் இரண்டையும் வேறு வேறு ஊர் என்று எடுத்துக்கொள்ளும். என் முதல் சோதனையிலேயே என் பெயர் ‘வெளிநாட்டு மாணவர்’ பட்டியலில் வந்து நின்றது.

உலாவி எப்போது தவறும்? கருவியின் கடிகாரமே வேறு ஊரில் வைக்கப்பட்டிருந்தால் தவறும். சில கம்பெனி மடிக்கணினிகள் அப்படித்தான் தலைமை அலுவலக நேரத்தில் ஓடுகின்றன. டோர் போன்ற, அடையாளத்தை மறைக்கும் உலாவிகள் வேண்டுமென்றே உண்மையான மண்டலத்தைச் சொல்லாது. விடுமுறைக்குத் திருச்சி வந்திருக்கும் சிட்னிக் குடும்பம் இங்கிருந்து பதிவு செய்தால் `Asia/Kolkata` வரும்; கருவி சொல்வது உண்மைதான், ஆனால் ஜூலையில் வகுப்பு நடக்கப்போவது சிட்னியில். இது கருவிக்குத் தெரியாது, அந்தக் குடும்பத்துக்குத்தான் தெரியும்.

ஆளிடமே கேட்பது

இதுதான் சரியான வழி என்று தோன்றும், கேட்கிற விதத்தைப் பொறுத்து இதிலும் சறுக்கலாம். நேர மண்டலப் பட்டியலைக் கீழே தொங்கவிட்டு, ‘ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்’ என்று கேட்பதுதான் வழக்கமான முறை. அதில் டொராண்டோவுக்குரிய வரியில் -05:00 என்று இருக்கும். கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பதால் உண்மையில் -4. விஷயம் தெரிந்த ஒருவர் -4 என்று இருக்கும் வேறொரு வரியைத் தேடித் தேர்ந்தெடுத்துவிடுவார். மூன்றெழுத்துச் சுருக்கங்கள் இன்னும் மோசம். ஐஎஸ்டி என்றால் நமக்கு இந்திய நேரம், இஸ்ரேலில் இஸ்ரேல் நேரம், அயர்லாந்தில் அவர்களுடைய கோடை நேரம். சிஎஸ்டி என்பது அமெரிக்க நடுப்பகுதியையும் குறிக்கும், சீனாவையும் குறிக்கும்.

அதனால் நேர மண்டலம் என்ற சொல்லையே எடுத்துவிட்டேன். ‘எந்த ஊரிலிருந்து வகுப்பில் சேர்வீர்கள்?’ என்பதுதான் கேள்வி. நிகழ்காலத்தில் ‘எங்கே இருக்கிறீர்கள்’ என்று கேட்டால் திருச்சியில் விடுமுறையில் இருப்பவர் திருச்சி என்றுதான் எழுதுவார். ஊர்ப் பெயர் தட்டியதும் கீழே ஒரு வரி வரும்: ‘அங்கே இப்போது வெள்ளி இரவு 10:10. சரிதானா?’ ஆள் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிடலாம். கிழமையையும் காட்டுவது கட்டாயம் என்று வைத்தேன், ஏனென்றால் எங்களைக் கவிழ்த்ததில் பாதிப் பங்கு மணிக்கு இல்லை, ‘நாளைக்கு’ என்ற சொல்லுக்குத்தான்.

எதைத் தேர்ந்தெடுத்தோம்

உலாவி சொல்லும் ஊரைப் படிவத்தில் முன்கூட்டியே நிரப்பி வைக்கிறோம். பெற்றோர் அதைப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் பதிவு நிற்கும். ஐபியையும் எண்ணையும் தொடுவதில்லை. வாட்ஸ்அப்பில் நேரடியாக வரும் செய்திகளுக்கு உலாவி இல்லை, அங்கே அக்காதான் கேட்க வேண்டும். அவருக்கு நான் எழுதிக் கொடுத்த விதி ஒன்றே ஒன்று: பதிவில் ஊர் இல்லாத ஆள் மணி சொன்னால், ‘சரிங்க’ என்பதற்கு முன்னால் “எந்த ஊர் நேரங்க?” என்று கேளுங்கள். உறுதி செய்யும் பதில் இரண்டு ஊரையும் கிழமையோடு சொல்ல வேண்டும். அந்த அம்மாவுக்கு இப்படிப் போயிருந்தால் போதும்: ‘மார்ச் 21 சனி, டொராண்டோ காலை 8:00, கோவை மாலை 5:30.’ இதில் ஒரு தப்பு இருந்தாலும் பத்து விநாடியில் “இல்லைங்க” என்று பதில் வந்திருக்கும்.

நம் பக்கத்திலிருந்து போகும் தானியங்கிச் செய்திகளிலும் ஒரு வேலை பாக்கி இருந்தது. அவற்றின் தலையில் நேரத்துக்கேற்ற வாழ்த்து வரும்படி ஆரம்பத்தில் நானே எழுதியிருந்தேன். சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. இங்கே மாலை 5 மணி ஆகும்போது அதன் கடிகாரத்தில் 11:30. பன்னிரண்டு ஆகவில்லையே என்று அது ‘காலை வணக்கம்’ போட்டு அனுப்பும், சிங்கப்பூரில் ஒருவர் அதை இரவு 7:30-க்குப் படிப்பார். சர்வரை இந்திய நேரத்துக்கு மாற்றினால் இந்தியாவுக்கு மட்டும் சரியாகும். ஒவ்வொருவரின் ஊரையும் பார்த்து வாழ்த்தும்படி எழுதலாம், ஆனால் அவர் எப்போது திறந்து படிப்பார் என்பது எந்த நிரலுக்கும் தெரியாது. ஆங்கிலத்திலிருந்து பெயர்த்து ‘காலை வணக்கம்’, ‘மாலை வணக்கம்’ என்று நாமாகச் சேர்த்துக்கொண்ட வாலை வெட்டினேன். வெறும் ‘வணக்கம்’ எல்லா மணிக்கும் பொருந்துகிறது. நிரலில் பதினோரு வரி குறைந்தது.

மிச்சமிருப்பது நவம்பர். 2026 நவம்பர் 1, ஞாயிறு அதிகாலை டொராண்டோவில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். டீச்சர் மாலை 5:30-க்கே வகுப்பு வைத்தால் குழந்தைக்கு அது காலை 7. குழந்தைக்கு 8 மணியே வேண்டுமென்றால் டீச்சருக்கு 6:30, அந்த நேரத்தில் ஏற்கெனவே ஒரு சிங்கப்பூர்க் குழந்தை இருக்கிறது. அங்கே கடிகாரம் மாறுவதே இல்லை. எந்தப் பக்கத்து மணியை நிலையாக வைப்பது என்பதை மென்பொருள் முடிவு செய்ய முடியாது. டீச்சர் தன் நேரத்தையே பிடித்துக்கொண்டார். ஊர்ப் பெயர் பதிவில் இருப்பதால், யாருக்கெல்லாம் மணி மாறுகிறது என்ற பட்டியல் அக்டோபர் நடுவில் அக்காவின் திரைக்கு வரும். அவர் ஒவ்வொருவருக்கும் புது மணியை எழுதி அனுப்புவார். டொராண்டோ அம்மாவிடம் இதை முன்கூட்டியே சொன்னோம். அவர் பதில் நமக்கு மத்தியானம் மூன்று மணிக்கு வந்தது: “குட் மார்னிங் மேம். ஏழு மணின்னா எழுப்புறது கஷ்டம், ஆனா பார்க்கலாங்க.”

அன்றைக்கு அவர் தன் ஊர்க் காலையைச் சொன்னார்.